ஒற்று கடைசியில் வரட்டும்

'தம்பி, தமிழ மட்டும் ஒரு வாட்டி பாத்துக் குடுங்க. நாளைக்குப் பிரிண்டுக்குப் போவுது.'

தமிழ் தெரிந்தவன் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கிவிட்ட எவருக்கும் இந்த அழைப்பு வந்திருக்கும். நான் வேலை செய்த இடம் வீட்டுக் குடிநீர் வடிகட்டி விற்கும் நிறுவனம். நான் பொறியாளன். மொழிக்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நான்கு மொழி விளம்பரக் கையேட்டின் தமிழ்ப் பக்கங்கள் என்னிடம்தான் வந்தன. கோப்பின் பெயர் `Brosur_Tamil_FINAL_v9_betul.pdf`. அந்த 'betul' என்ற சொல்லைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரவு உட்கார்ந்து பதினான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். 'வடிகட்டியை பொருத்த' என்றிருந்ததில் 'ப்' போட்டேன். பெருமையாக அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

பல மாதம் கழித்து ஓர் அம்மா கூப்பிட்டார். கையேட்டில் 12 மாத இலவசப் பராமரிப்பு என்று போட்டிருக்கிறது, ஆனால் வந்த பையன் ஏழாவது மாதத்துக்குக் காசு கேட்கிறான் என்றார். ஆங்கிலப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 6 மாதம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. வடிகட்டியை 6 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 3,000 லிட்டர் ஓடியதும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது ஆங்கிலம். தமிழில் '6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும்' என்று மட்டும் இருந்தது. அந்த அம்மா வீட்டில் ஏழு பேர். ஒரு நாளைக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் நான்கு மாதத்தில் 3,000 லிட்டர் ஓடிவிடும். அதற்குப் பிறகு அவர்கள் குடித்தது, வேலை முடிந்துபோன வடிகட்டியின் தண்ணீர்.

என் பதினான்கு ஒற்றும் சரியாகத்தான் இருந்தன.

மேலாளர் கடைசிப் பக்கத்தின் அடியைக் காட்டினார். பொடி எழுத்தில் ஒரு வரி: மொழிகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும். அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு, 'நீ படித்தது செல்லாது' என்று அவருக்குத் தெரியாத மொழியில் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதை நான் மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாற்று வேலைக்குப் பக்கத்து வீடு இது.

ஆனால் யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. பழைய கோப்புகளை எல்லாம் கேட்டு வாங்கி, முதல் பதிப்பிலிருந்து ஒன்பதாவது வரை வரிசையாகத் திறந்தேன். மொழிபெயர்ப்பாளருக்குப் போனது மூன்றாவது பதிப்பின் ஆங்கிலம். அவர் சரியாகத்தான் செய்திருந்தார். ஐந்தாவது பதிப்பில் விற்பனைப் பிரிவு 12-ஐ 6 ஆக்கியது. ஆங்கிலத்திலும் மலாயிலும் மாற்றினார்கள், தமிழுக்கு யாரும் சொல்லவில்லை. ஏழாவதில் தமிழ்ப் பத்தி பெட்டிக்குள் அடங்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத டிசைனர், பெட்டிக்கு வெளியே வழிந்த வரியை வெட்டினார். அந்த வரியில்தான் 3,000 லிட்டர் இருந்தது. மிச்சமிருந்தது முழு வாக்கியம் போலவே நின்றதால் படித்த எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இங்கேதான் நம் இலக்கிய நண்பர்களோடு எனக்குத் தகராறு. ஒரு பலகையிலோ கையேட்டிலோ பிழை கண்டால் படம் எடுத்துப் போட்டு 'தமிழைக் கொன்றுவிட்டார்கள்' என்கிறோம். சந்தி, ல-ள-ழ, றகரம் எல்லாம் நமக்குக் கண்ணில் படும். தமிழை மட்டும் பார்த்தால் தெரியாத பிழை படாது. தமிழை மட்டும் பார்க்கச் சொல்கிற வேலையே பாதி வேலை. அதை ஒப்புக்கொண்ட நானும் குற்றவாளி.

அதனால் அடுத்த கையேட்டுக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து அல்ல. ஒவ்வொரு கையும் எந்த மாதிரிச் சேதத்தை விட்டுப்போனது என்பதைப் பார்த்து.

முதல் கேள்வி: இந்தத் தமிழ் எந்த ஆங்கிலப் பதிப்புக்கு உரியது? பதில் வராவிட்டால் படிக்கவே தொடங்குவதில்லை.

இரண்டாவது, வாக்குறுதி அட்டவணை. விலை, தேதி, காலம், அளவு, நிபந்தனை எல்லாவற்றையும் இடப்பக்கம் எழுதி, நான்கு மொழிக்கும் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் அச்சுக்குப் போகும் கோப்பிலிருந்தே நிரப்ப வேண்டும். 'வரை', 'மட்டும்', 'முதல்' போன்ற சின்னச் சொற்களுக்கும் கட்டம் உண்டு. '99% வரை' என்பதில் 'வரை' விழுந்தால் அது வேறு வாக்குறுதி. எண் தெரிந்தால் போதும், தமிழ் தெரியாத சக ஊழியரும் இதில் பாதியை நிரப்பலாம். எங்கள் முதல் அட்டவணை நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

மூன்றாவது, எழுத்து உடைந்திருக்கிறதா. வேர்டில் சரியாகத் தெரிந்த தமிழ் இன்டிசைனில் ஒட்டியதும் உடையலாம். `Adobe World-Ready Paragraph Composer` தேர்வாகாத பத்தியில் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கத்தில் தனியாக விழும். இந்த அமைப்பு பத்திக்குப் பத்தி மாறலாம். அதனால் உள்பத்தி நன்றாக இருந்தாலும், கடைசி நேரத்தில் வந்த தலைப்பும் படக்குறிப்பும் உடைந்திருக்கும். நான் முதலில் அவற்றைத்தான் பார்க்கிறேன். அதே சமயம் வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வந்து நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

நான்காவது, இருவர் வாசிப்பு. ஒருவர் அங்கீகரித்த மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுக் கோப்பைத் தாளில் எடுத்து விரல் வைத்துத் தொடர்வது. பழைய அச்சகங்களின் முறை. 'கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டா போதாதா?' என்று கேட்டார்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்து இடம் மாறி வருவது சகஜம். தேடினால் இருக்கும் சொல்லையே இல்லை என்கும். காது அப்படி ஏமாறாது. வெட்டுப்பட்ட வரி வரும்போது வாசிப்பவர் போய்க்கொண்டே இருப்பார், விரல் நின்றுவிடும்.

ஐந்தாவது, திருத்தியதைத் திரும்பப் பார்ப்பது. ஒரு சொல்லைச் சேர்த்தால் கீழே ஒரு வரி வழியும். ஆகவே திருத்திய சொல்லை மட்டுமல்ல, அந்தப் பெட்டி முழுவதையும் கடைசிச் சொல் வரை.

ஆறாவது, ஒற்று.

அதன் கீழே ஒரு கோடு: பார்த்தவர் பெயர், கோப்பின் பெயர், நேரம், 'அச்சை நிறுத்துக' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் குறி போட்டால் அச்சு நிற்கும் என்று மேலாளர் எழுதித் தர வேண்டும் என்றேன். இழுத்தடித்தார், பிறகு தந்தார். நிறுத்தும் உரிமை இல்லாதவர் கையெழுத்து போட்டால், நாளைக்குப் பழி போட ஆள் கிடைக்கும். வேறு பயன் இல்லை.

எல்லாவற்றையும் இது பிடிக்காது. மூலத்திலேயே தப்பு இருந்தால் நான்கு மொழியிலும் ஒரே தப்பு அழகாகப் பொருந்தி நிற்கும். அதற்கு இந்தப் பட்டியல் பொறுப்பேற்காது.

அந்த அம்மாவுக்கு 12 மாதம் கொடுத்தார்கள், நான் சண்டை போட்ட பிறகு. அடுத்த கையேட்டிலும் அந்தப் பொடி எழுத்து வரி இருந்தது. எடுக்கச் சொன்னேன், சட்டப் பிரிவு ஒப்பவில்லை. சரி, தமிழ்ப் பக்கத்தில் அதைத் தமிழில் போடுங்கள், மற்ற வரிகளின் அளவிலேயே போடுங்கள் என்றேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு எடுத்துவிட்டார்கள். தமிழில் படித்தால் நன்றாக இல்லையாம்.