"பாவம்" என்று சொல்வதற்கு முன்னால்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கம்பெனியில் ஆறு பேருக்கு அவள்தான் பொறுப்பு. அதில் ஒருவர் எதையும் நேரத்துக்கு முடிப்பதில்லை. மீதியை இரண்டு பேர் ராத்திரி உட்கார்ந்து முடிக்கிறார்களாம். "பாவம் டீச்சர், அவருக்கு வீட்டுல கஷ்டம். கடுமையா பேச மனசு வரல" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இரக்கப்படுவது நீ, அதற்கு விலை கொடுப்பது அந்த இரண்டு பேரா?

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது என்னோடு மூன்று ஆசிரியர்கள். முப்பருவ முறை வந்த புதிது. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். பிள்ளைகளின் செயல்பாட்டைப் பார்த்து, பாடவாரியாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு சார் எழுதவே மாட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை. நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிவேட்டைத் தூக்கி மற்ற இரண்டு டீச்சர்களிடம் கொடுத்தேன். "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா." அந்தக் கொஞ்சம் ஒரு வருஷம் ஓடியது. அந்த வகுப்பைப் பார்க்காமலே மதிப்பெண் போட்டார்கள். அது பொய்ப் பதிவேடு. போடச் சொன்னது நான்.

கலந்தாய்வு வந்ததும் ஒரு டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். "உங்க மேல வருத்தமில்ல மேடம், அசதியா இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். வீட்டுக் கஷ்டம் உண்மைதான். ஆனால் புதுப் பதிவேடு அவருக்குப் புரியவே இல்லை, கேட்க வெட்கம். இதை முதல் மாதமே கேட்டிருக்கலாம். இரண்டு வெள்ளிக்கிழமை கூட உட்கார்ந்து எழுதிக் காட்டினேன். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவர் வகுப்பை நானே எடுத்தேன், டீச்சர் தலையில் கட்டவில்லை. பருவம் முடிவதற்குள் இரண்டு பாடத்துக்கான பதிவு அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், வாராவாரம் பார்ப்பேன், நடக்காவிட்டால் எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கும் அன்றிரவு தூக்கமில்லை.

அவருடைய வீட்டு விஷயம் எதையும் சொல்லாமல், இருந்த டீச்சரிடம், "இனி அந்தப் பதிவேட்டைத் தொடாதீங்க. அது காலியாகக் கிடந்தால் அதிகாரிக்குப் பதில் சொல்வது நான்" என்றேன். இதுதான் ரொம்பக் கஷ்டம். அடுத்தவர் வேலை காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நல்ல ஆசிரியருக்குக் கை வராது. இன்னொருவர் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருக்கும் வரை, அவருக்கு எது வரவில்லை என்று நமக்கும் தெரியாது.

தமிழ்ப் பதிவை ஒழுங்காக முடித்தார். கணக்கு அரைகுறை. விளக்கம் கேட்டு எழுதினேன், இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த பருவத்தில் முடித்தார். மாறுதலில் போன டீச்சர் போனவர்தான்.

இதை மாணவியிடம் சொன்னேன். "அந்த ரெண்டு பேர்கிட்ட முதல்ல பேசறேன் டீச்சர்" என்றாள். அவரிடம்? "சனிக்கிழமை சொல்றேன்" என்றாள். காத்திருக்கிறேன்.