வாழ்த்துப் பதிவு யாருக்கு?

நீட் முடிவு வெளியான சற்று நேரத்தில் பயிற்சி மையத்தின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதல் படம் வந்து விழும். பின்னணியில் பூங்கொத்து, நடுவில் கொட்டை எழுத்தில் மதிப்பெண், சேர்க்கைப் படிவத்துக்குக் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கீழே ஒரு வரி: "இவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?" மறுநாள் அதே படம் பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸாக நிற்கும். இதில் என்ன தப்பு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஜெயித்த பிள்ளைக்குப் பெருமை, மற்ற பிள்ளைகளுக்கு ஊக்கம் என்பார்கள். இந்த நம்பிக்கையின் இரண்டு பாதியுமே பொய் என்கிறேன்.

பெருமையிலிருந்து தொடங்குவோம். "யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா சார்?" என்பது மைய உரிமையாளர்களின் வழக்கமான பதில். கேட்டுப் பார்த்தால்தானே சொல்வார்கள்? பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்டுவிட்டோம் என்று சொல்பவர்கள் காட்டுவது சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையை: மாணவரின் பெயர், படம், மதிப்பெண் ஆகியவற்றை விளம்பரத்தில் பயன்படுத்த மையத்துக்கு உரிமை உண்டு. ஃபீஸ் கட்ட வரிசையில் நிற்கும் அப்பா அதைப் படித்தா கையெழுத்துப் போடுகிறார்? படித்திருந்தாலும், அந்த வரியை அடித்துவிட்டுச் சீட்டு கேட்கும் தைரியம் யாருக்கு வரும்?

இந்தத் தந்திரத்தைச் சட்டமே கண்டுகொண்டுவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வெற்றி பெற்றவரின் பெயரையோ படத்தையோ எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒப்புதலும் வெற்றிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சேரும்போது வாங்கிய கையெழுத்து செல்லாது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் எந்த மையத்துக்கும் இது பொருந்தும். படம் போட்டால் அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், எத்தனை காலம் படித்தார், பணம் கட்டிப் படித்தாரா என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கடைசி மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுத வந்த மாணவரை "எங்கள் தயாரிப்பு" என்று நான்கு மையங்கள் ஒரே நேரத்தில் கொண்டாடும் கூத்தை நிறுத்த இந்த ஒரு விதியே போதும். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் இந்த விவரத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே முகம் இரண்டு மையங்களின் ஃபிளெக்ஸில் சிரித்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒப்புதல் என்பது வெறும் 'சரி'யும் அல்ல. பெயருக்குச் சம்மதித்தவர் படத்துக்குச் சம்மதித்ததாக ஆகாது. படத்துக்குச் சம்மதித்தவர் "ஆட்டோ ஓட்டுநரின் மகள்" என்று தன் வீட்டு வறுமையைத் தலைப்பாக்கச் சம்மதித்ததாகவும் ஆகாது. மதிப்பெண் அட்டையையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுகிறார்களே, அதுதான் கொடுமையின் உச்சம். நீட் அட்டையில் விண்ணப்ப எண், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், இட ஒதுக்கீட்டுப் பிரிவு எல்லாம் இருக்கின்றன. கலந்தாய்வு தொடங்கும் முன்பே அவற்றை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டு, அந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்பதையும் தெருவுக்குச் சொல்லிவிட்டு, வாழ்த்துகள் என்று எழுதுவது என்ன வாழ்த்து?

மாணவி பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் கையெழுத்து கட்டாயம் வேண்டும். ஆனால் அப்பா மகிழ்ச்சியில் தலையாட்டியதோடு விஷயம் முடியவில்லை. பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். பாராட்டு விழாவில் லேப்டாப்போ தங்கக் காசோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வேண்டாம் என்று சொன்னாலும் அது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். பரிசை முன்னால் நீட்டிக்கொண்டு வாங்கும் ஒப்புதல், சேர்க்கைப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தின் தம்பிதான்.

இனி ஊக்கம் என்ற கதை. அந்தப் பதிவை முதலில் பார்ப்பது யார்? கூடவே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும். முதல் முறை எழுதியவர், இரண்டாம் முறை எழுதிய ரிப்பீட்டர், கட்-ஆஃப் எட்டுமா எட்டாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர். தன் மதிப்பெண்ணை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பையன் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அம்மாவின் ஃபோனிலேயே அந்தப் படம் வந்து நிற்கிறது: "உங்களால் முடியாதா?" அந்தக் கேள்விக்கு அவன் வீட்டில் அன்று இரவு என்ன பதில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா? எப்படிப் படிக்கலாம் என்று அந்தப் பதிவில் ஒரு வார்த்தை கிடையாது. உழைப்பைப் பற்றியும் கிடையாது. இருப்பது ஒப்பீடு மட்டும்தான்.

2017-ல் தமிழ்நாடு அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பையே நிறுத்தியது, மாணவர்களிடையே ஏற்படும் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி. அரசு வாசல் வழியே வெளியேற்றியதைப் பயிற்சி மையங்கள் ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவந்துவிட்டன. வாராந்திரத் தேர்வின் மதிப்பெண் பட்டியலைக்கூடப் பெற்றோர் குழுவில் போடும் மையங்கள் உண்டு. மையத்தின் உள்தேர்வு முடிவுகளை வெளியிடக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேரோ!

அப்படியானால் வாழ்த்தவே கூடாதா என்றால், தாராளமாக வாழ்த்தலாம். ஒரு மையத்தில் 140 பேர் படித்தார்கள், ஒரு மாணவி 720-க்கு 640 எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். முடிவு வந்த அன்று அவளுக்கும் வீட்டுக்கும் ஃபோன் செய்து வாழ்த்துங்கள், அது போதும். மற்ற பிள்ளைகளையும் அன்று அழைத்து அடுத்து என்ன என்று பேச வேண்டியிருக்கிறது. சில நாள் கழித்து, எழுதப்போவதை அவளிடமே காட்டி, எங்கே போடப் போகிறோம், எப்போது எடுத்துவிடுவோம் என்பதைச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிட்டு இப்படி எழுதலாம்:

"எங்கள் மையத்தில் ஓராண்டுக் கட்டண வகுப்பில் படித்த மாணவி நீட் தேர்வில் 640 மதிப்பெண் பெற்றிருக்கிறார். அவருக்கு வாழ்த்துகள். அவருடைய ஒப்புதலோடு இதை வெளியிடுகிறோம். இந்த ஆண்டு எங்களிடம் படித்தவர்கள் 140 பேர். மறுமுறை எழுதுவது, வேறு படிப்பு, கலந்தாய்வு எதைப் பற்றிப் பேசவும் ஆசிரியர்கள் மையத்தில் இருப்பார்கள்."

பெயரும் படமும் அவள் விரும்பினால் சேரும், இல்லாவிட்டாலும் வாழ்த்து வாழ்த்தாகவே நிற்கும். "அடுத்தது நீங்கள்தான்" இல்லை, "முடியாதா" இல்லை. பெற்றோர் குழுவில் இதைப் போடத் தேவையே இல்லை, அறிவிப்புப் பலகை போதும்.

இப்படி எழுதினால் அட்மிஷன் வராது என்பார் உரிமையாளர். அவர் அதைச் சொன்ன மறுநொடியே ஒரு விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது: அது வாழ்த்து இல்லை, விளம்பரம். விளம்பரம் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 140 என்ற எண்ணைப் போட மறுத்து 640-ஐ மட்டும் போடும் விளம்பரத்தை நம்பித்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள் என்றால், அந்த அட்மிஷன் ஏமாற்றில் வந்தது. அப்புறம், பேருந்து நிலையத்தில் போன ஆண்டு வைத்த ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்து இன்னும் தொங்குகிறது. அதில் இருக்கும் பெண் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருப்பாள். அதை எடுக்கச் சொல்லி அவள் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு ஃபோன் எண்ணைக்கூட அதில் காணோம். அட்மிஷனுக்கு மட்டும் மூன்று எண்கள் இருக்கின்றன.