வலி தணிந்த வேளை

மூட்டுவலிக்கெனக் கடையில் மாத்திரை வாங்கி நெடுநாள் விழுங்கிவந்த குடியானவர் ஒருவருக்கு, விடியற்காலை 4 மணிக்கு மேல்வயிற்றில் கத்தி பாய்ந்தாற்போல் திடீரென வலி எழுந்தது. அசைந்தால் வலி மிகுந்ததால் மூச்சையும் அடக்கிக் கிடந்தார். வயிறு பலகைபோல் விறைத்திருந்தது. இரைப்பைப் புண் துளையாகி, அமிலம் வயிற்றறைக்குள் கொட்டியதன் அடையாளம் அது. வீட்டாரோ வாயுவென்று எண்ணிச் சோடா கொடுத்தனர். வாய்வழி எதுவும் கொடுத்தல் ஆகாது. அதுவும் துளை வழியே கசியும்.

10 மணிக்கு நான் சென்றபோது, "வலி குறைந்துவிட்டது, சாமி" என்றார் மனைவி. வயிற்றின் விறைப்போ நீங்கவில்லை. உள்ளே ஊறிய நீர் அமிலத்தை நீர்க்கச் செய்திருந்தது, அவ்வளவே. பலரை ஏமாற்றும் வேளை இது. இதன்பின் கிருமிகள் பெருகும், வயிறு உப்பும், நாடி விரையும், இரத்த அழுத்தம் வீழும். உடனே வண்டி பிடித்தோம்.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், உதரவிதானத்தின் கீழ்க் காற்று பிறைபோல் தெரிந்தது. (சிலருக்கு அது தெரியாமலும் போகும்.) நரம்பு வழியே நீரும் கிருமிக்கொல்லி மருந்தும் ஏற்றி, அன்றே அறுவை செய்தனர். குடலின்மேல் தொங்கும் கொழுப்புத் திரையின் நுனியைத் துளைமீது வைத்துத் தைத்து, வயிற்றறையைக் கழுவினர். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்றார் மருத்துவர். குடியானவர் நலமுடன் வீடு திரும்பினார். மூட்டுவலி மாத்திரையை மட்டும் மருத்துவர் நிறுத்திவிட்டார்.