விமானப் பயணத்தில் உடலில் படும் கதிர்வீச்சு எவ்வளவு? மதுரை வானத்துக்கும் வட துருவ வானத்துக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்?

2025 நவம்பர் கடைசியில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஏர்பஸ் ஏ320 ரக விமானங்களுக்கு அவசரமாக மென்பொருள் மாற்ற வேண்டி வந்தது. இந்தியாவில் இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்களும் அதில் அடக்கம். கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினியில் உள்ள தரவைக் குலைக்கக்கூடும் என்று ஏர்பஸ் நிறுவனம் அப்போது சொன்னது.

அதிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. கணினியையே குழப்பும் கதிர்வீச்சு, அதே விமானத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரை என்ன செய்யும்? 'அடிக்கடி ஃபிளைட்ல போனா உடம்புக்கு ஆகாதாமே' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களில் எவ்வளவு உண்மை?

பதில், எத்தனை மணி நேரம் பறக்கிறோம் என்பதில் மட்டும் இல்லை. எந்த ஊர் வானத்தில், எந்த உயரத்தில் பறக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு வானம் உலகிலேயே பாதுகாப்பான வானங்களில் ஒன்று.

தரையில் இருந்தால் கதிர்வீச்சே இல்லையா?

இருக்கிறது. மதுரை கோச்சடையில் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் மீதும் ஒவ்வொரு நொடியும் கதிர்வீச்சு பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மண்ணிலும் கிரானைட் தரையிலும் உள்ள யுரேனியம், தோரியம், சாப்பாட்டில் உள்ள பொட்டாசியம், மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் வரும் ரேடான் வாயு, இவற்றோடு வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர். இவையெல்லாம் சேர்ந்ததுதான் இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு.

உடலில் படும் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு கணக்குப்படி, உலக சராசரி மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். ஒரு நாளைக்குப் பிரித்தால் ஏறக்குறைய 6.6 மைக்ரோசீவர்ட். இதில் பாதி ரேடான் மட்டுமே. காஸ்மிக் கதிரின் பங்கு ஆறில் ஒன்றுதான்.

ஒவ்வோர் ஊருக்கும் இந்த எண் கூடும், குறையும். ஒப்பிட்டுப் பார்க்க இந்த சராசரி போதும்.

மேலே போனால் ஏன் கூடுகிறது?

காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருபவை. வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் புரோட்டான்கள்தான் அதிகம். அவை காற்று மண்டலத்தில் மோதி உடைந்து நியூட்ரான், மியூவான் போன்ற துகள்களாகப் பொழிகின்றன. 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சும் கூடுவதை அளந்து காட்டினார். அதற்காக 1936-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டது இதைத்தான்.

தரையில் நிற்பவர் தலைக்கு மேல் உள்ள காற்று, 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான கவசம். 36,000 அடி உயரத்தில் அதில் மிஞ்சுவது இரண்டேகால் மீட்டர் தண்ணீருக்குச் சமமான காற்றுதான். விமானத்தின் மெல்லிய உலோக உடல் இந்தத் துகள்களைப் பெரிதாகத் தடுக்காது. ஜன்னல் சீட், நடு சீட் என்ற வித்தியாசமும் இதில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு என்ன சாதகம்?

காற்றுக்கு மேலே இன்னொரு கவசம் உண்டு: பூமியின் காந்தப்புலம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தனி ஆய்வுக்கூடமே வைத்திருக்கிறது. இந்தப் பகுதியில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன. மேலிருந்து வரும் துகள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதற்கு அசாத்திய ஆற்றல் தேவை. தென்னிந்தியாவுக்கு மேலே நேர் செங்குத்தாக இறங்க ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதற்குக் குறைவான ஆற்றலோடு வருபவை திருப்பி அனுப்பப்படும்.

துருவத்தில் கதை தலைகீழ். அங்கே காந்தக் கோடுகள் செங்குத்தாக இறங்குகின்றன. துகள்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடும்.

இதன் விளைவு எண்களில் தெரியும். ஜெட் விமானம் வழக்கமாகப் பறக்கும் உயரத்தில், நிலநடுக்கோட்டுப் பகுதியில் மணிக்கு ஏறக்குறைய 2 மைக்ரோசீவர்ட். துருவத்தை ஒட்டிய பகுதியில் அதே உயரத்தில் மணிக்கு 5 முதல் 7 வரை போகும்.

கோச்சடையிலிருந்து கிளம்பும் பயணி: ஒரு கணக்கு

கோச்சடையில் வசிக்கும் ஒருவர் வேலை விஷயமாக மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய்த் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். ஏறுவது, இறங்குவது போக, முழு உயரத்தில் இருப்பது அரை மணி நேரம் சொச்சம்தான். ஒரு வழிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்று தாராளமாகவே போடலாம். ப்ரொப்பல்லர் வைத்த ஏடிஆர் விமானம் என்றால் இன்னும் தாழ்வாகப் பறக்கும் என்பதால் அளவு இன்னும் குறையும்.

வருடத்துக்கு 24 பயணம் என்றால் மொத்தம் 24 மைக்ரோசீவர்ட். அதாவது சராசரி மனிதர் தரையில் நான்கே நாளில் வாங்கும் அளவு.

துபாய்க்குப் போகிறவருக்கு நான்கு மணி நேரம் சொச்சத்தில் ஒரு வழிக்கு 10 மைக்ரோசீவர்ட் அளவில் வரும். போய்த் திரும்பினால் தரையில் மூன்று நாள் இருந்ததற்குச் சமம்.

இப்போது இன்னொரு கோடிக்குப் போகலாம். 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாக பெங்களூரு வந்து சேர்ந்தது. சுமார் 17 மணி நேரப் பயணம். இப்படியொரு வழியில் ஒருமுறை பறந்தால் தோராயமாக 60 முதல் 80 மைக்ரோசீவர்ட் சேரும். போகவர அதே வழி என்றால் தரையில் மூன்று வாரத்துக்குச் சமம். அமெரிக்காவில் இருக்கும் மகளையோ மகனையோ பார்க்க வருடம் ஒருமுறை போகும் பெற்றோர் இதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் யாருக்குத்தான் பிரச்சினை?

அதிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு. இந்திய விதிப்படி ஒரு விமானி ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம். தென்னிந்திய வானத்திலேயே அத்தனை மணி நேரமும் பறந்தால் 2 மில்லிசீவர்ட்டை ஒட்டி வரும். அதையே துருவத்தை ஒட்டிய நீண்ட வழிகளில் பறந்தால் 5 மில்லிசீவர்ட் வரை போகலாம். இது தரையில் வாங்கும் 2.4-க்கு மேல் கூடுதலாகச் சேர்வது.

கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். விமான ஊழியர்கள் அதற்கு வெகு கீழேதான் இருக்கிறார்கள். ஆனால் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990-லேயே இவர்களையும் கதிர்வீச்சுப் பணியாளர்களாகக் கருதச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடிய ஊழியர்களின் அளவை விமான நிறுவனம் கணக்கிட வேண்டும், அதற்கேற்ப பணி அட்டவணை போட வேண்டும் என்பது சட்டம்.

கர்ப்பிணி ஊழியர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். கர்ப்பம் தெரிந்த பிறகு, மிச்சமுள்ள காலம் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. துருவ வழியில் 200 மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். எப்போதாவது பயணம் செய்யும் கர்ப்பிணிப் பயணி அந்த அளவை நெருங்கவே மாட்டார்.

விமானத்தில் மீட்டர் வைத்து அளக்க முடியாதா?

இணையத்தில் பலர் கைக்கு அடக்கமான கைகர் மீட்டரை விமானத்தில் வைத்து வீடியோ போடுகிறார்கள். எண் ஏறுவது உண்மைதான், ஆனால் அது முழுக் கணக்கு அல்ல. அந்த உயரத்தில் உடலில் படும் அளவில் கணிசமான பங்கு நியூட்ரான்களால் வருவது. சாதாரண கைகர் மீட்டர் அதைப் பிடிக்காது. மருத்துவமனை எக்ஸ்ரே ஊழியர் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அதனால் விமான நிறுவனங்கள் அளப்பதைவிடக் கணக்கிடவே செய்கின்றன. பறந்த வழி, உயரம், தேதி மூன்றையும் கொடுத்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 'கேரி' போன்ற மென்பொருள் அளவைச் சொல்லிவிடும்.

தேதி எதற்கு? சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது, அதிலிருந்து வீசும் காந்தப்புலம் வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தள்ளிவிடும். எனவே சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில்தான் விமானத்தில் படும் அளவு கூடும். 2024-ல் உச்சத்தைத் தொட்ட சூரியன் இப்போது அடங்கும் திசையில் போகிறது. வரும் ஆண்டுகளில் துருவ வழிகளில் அளவு மெல்ல ஏறும். நம் வானத்தில் அந்த மாற்றம் சிறியது.

விதிவிலக்கு, திடீர் சூரியப் புயல். அபூர்வமாகச் சில மணி நேரத்துக்குத் துருவ வழிகளில் அளவு பல மடங்கு எகிறும். அப்போது விமானங்கள் தாழ்வாகவோ தெற்கு நோக்கியோ திருப்பப்படலாம். இதற்காகவே 2019 முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில் விண்வெளி வானிலை எச்சரிக்கை வெளியாகிறது.

புற்றுநோய் வருமா?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் இல்லை. அமெரிக்க விமானப் பணிப்பெண்களிடம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோயும் தோல் புற்றுநோயும் பொதுமக்களைவிடக் கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்கள் இரவில் கண்விழிக்கிறார்கள், நேர மண்டலம் மாறி மாறித் தூங்குகிறார்கள். கதிர்வீச்சின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மறுபக்கம் கேரளத்தின் கருநாகப்பள்ளி. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போலவே அங்கும் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. கரையோரச் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை பதிவாகியிருக்கிறது. காமா கதிரைப் பொறுத்தவரை ஒரு மில்லிகிரேயை ஒரு மில்லிசீவர்ட் என்றே எடுத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கு சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் அறிவித்தது.

இதை வைத்து விமான ஊழியர்களுக்கும் ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அங்கே படுவது காமா கதிர், விமானத்தில் நியூட்ரானும் சேர்கிறது. ஆனால் இந்த அளவில் ஆபத்து இருந்தாலும், பல்லாயிரம் பேரைப் பல ஆண்டு கவனித்தும் பிடிபடாத அளவுக்குச் சிறியது என்பது தெரிகிறது.

ஏ320 விவகாரத்தில் எழுந்த பயத்துக்கும் இங்கேதான் விடை. கணினியில் ஒரே ஒரு துகள் ஒரு பிட்டை மாற்றினாலே தவறு நேரலாம். உடலின் செல்களோ இப்படிப்பட்ட சேதங்களை அன்றாடம் சரிசெய்துகொண்டே இருப்பவை. மாதம் ஒருமுறை சென்னைக்குப் பறப்பவர் கணக்கு வைக்கத் தேவையில்லை. நீண்ட வடக்கு வழிகளில் வேலை பார்ப்பவரும், கர்ப்பமாக இருக்கும் விமான ஊழியரும் தங்கள் ஆண்டுக் கணக்கை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.