சம்பளச் சீட்டைப் பார்க்கிறோம், வங்கிக் கூற்றையும் பார்ப்போமா?

சம்பளச் சீட்டில் ஒரு பெயர் குறைந்தாலும் எங்கள் ஆட்கள் அன்றைக்கே தோட்டத் தலைவரைத் தேடிப் போய்விடுவார்கள். எத்தனை கிலோ, எத்தனை பெயர், எவ்வளவு முற்பணம், சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிவு என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்லும் பெண்கள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். அதே சம்பளம் வங்கிக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. "அது வீட்டு விசயம், சங்கத்து வேலை இல்ல டீச்சர்" என்று ஒரு தலைவரே என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதற்கு, அண்மையில் நான் பார்த்த ஒரு கணக்கையே காட்டுகிறேன்.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. கடைக்கடனுக்காகத் தன் வங்கி அட்டையை ரவுணில் உள்ள ஒரு கடையில் கொடுத்து வைத்திருந்தார். இரகசிய இலக்கமும் கடைக்காரருக்குத் தெரியும். இப்படிக் கொடுத்து வைப்பது எங்கள் பகுதியில் புதிதல்ல. சம்பளம் விழுந்ததும் கடைக்காரர் பத்தாயிரம் எடுத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு. அந்த மாதம் அக்கா என்னிடம் வந்து, "பதினாறாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கணும் டீச்சர். ஏழாயிரம்தான் இருக்குதாம். தோட்டத்துல சம்பளத்த வெட்டிட்டாங்களா, கடைக்காரரு தின்னுட்டாரா, ஒண்ணும் வெளங்கல" என்றார்.

வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தோம். நீண்ட நாள் பதியாமல் விட்ட புத்தகத்தில் பல கொடுக்கல் வாங்கல்களைக் கூட்டி ஒரே வரியாக அடித்துவிடுவதுண்டு. அவருடையதும் அப்படித்தான் இருந்தது. ஆகவே அடையாள அட்டையோடு இருவரும் வங்கிக்குப் போய், அந்த மாதத்துக்குரிய கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கினோம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
10  SLIPS CR SALARY   26,480.00 CR
10  CAS ATM WDL       10,000.00 DR
10  CAS ATM WDL       10,000.00 DR
10  CAS CHG               60.00 DR
12  CEFTS CR           5,000.00 CR
12  POS PUR            4,250.00 DR
```

CR என்றால் கணக்குக்குள் வந்த காசு. DR என்றால் வெளியே போன காசு. இதை முதலில் பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதல் வரியில் உள்ள SLIPS என்பது வங்கிக்கு வங்கி காசு அனுப்பும் ஒரு முறை. பல பேருடைய சம்பளத்தை ஒரே கட்டாக அனுப்புவதற்குக் கம்பனிகள் இதைப் பயன்படுத்துகின்றன. அக்காவின் சம்பளச் சீட்டில் கையில் கிடைக்க வேண்டிய தொகையும் 26,480தான். ஆக, தோட்டக் காரியாலயத்தின் மீதிருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே முடிந்தது. CEFTS என்பதும் வங்கிக்கு வங்கி போகும் காசுதான், ஆனால் அனுப்பிய உடனேயே வந்து சேரும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தொலைபேசியிலிருந்து அனுப்பிய ஐயாயிரம் அது. மகன் இந்த மாதம் அனுப்பவில்லை என்று அக்கா அவனோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்! (இரண்டு கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் இந்த இரண்டு சொல்லும் வராது. TRF போன்ற வேறொரு குறியீடு வரும்.)

WDL என்பது இயந்திரத்தில் கைக்காசாக எடுத்தது. அதற்கு முன்னால் CAS என்று இருந்தால், அக்காவின் வங்கியுடையது அல்லாத வேறொரு வங்கியின் இயந்திரத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கான கட்டணம்தான் கீழே CHG என்று தனி வரியாக இருக்கிறது. POS என்பது கடையில் அட்டையை மெசினில் போட்டோ தட்டியோ சாமானுக்குக் காசு கட்டியது. அதில் கைக்காசு வெளியே வராது, கடையின் கணக்குக்கே போய்விடும். இந்த வரியில் பெரும்பாலும் கடையின் பெயரும் இருக்கும். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் பெயராக அது இருக்க வேண்டியதில்லை, பதிவு செய்த பெயராக இருக்கலாம். திகதியும் ஓரிரு நாள் பிந்தி விழலாம்.

மகனின் காசையும் சேர்த்தால் அக்காவின் கணக்கில் 21,480 ரூபா இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 7,170. குறைந்த 14,310 ரூபாவும் கூற்றிலேயே இருக்கிறது: இரண்டாவது பத்தாயிரம், கட்டணம் அறுபது, POS 4,250. இவை மூன்றையும் ஒரே ஆள் தின்றார் என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போயிருந்தால் பத்தாயிரம் போனது போனதுதான்.

கடைக்காரரிடம் கேட்டபோது, "ரெண்டாந் தடவ மெசின் காசு தரல டீச்சர், சத்தம் மட்டுந்தான் வந்துச்சு" என்றார். முதல் தடவையே காசு கிடைத்திருக்க, இரண்டாம் தடவை ஏன் எடுக்கப் போனார் என்று நான் கேட்டேன். அதற்குச் சரியான பதில் வரவில்லை. ஆனாலும் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. காசு வராமலே கணக்கில் கழிந்தால் அந்தக் காசு இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கும். எண்ணிப் பார்க்கும்போது கூடுதலாக நிற்கும். இதற்கு முறைப்பாட்டை இயந்திரம் வைத்திருக்கும் வங்கியிடம் அல்ல, அட்டையைத் தந்த நம் வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். மூன்று கிழமை கழித்து CAS REV என்று பத்தாயிரமும் திரும்பி வந்தது. REV என்றால் திருப்பிப் போட்டது. இந்த விசயத்தில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

POS கதை வேறு. 4,250 ரூபாவுக்கு அட்டையைப் போட்டது அவருடைய கடை மெசினிலேயேதான். ஆனால் கடன் புத்தகத்தில் அது வரவு வைக்கப்படவில்லை. பத்தாயிரம் மட்டும் வரவு. கூற்றை மேசையில் வைத்ததும், "மறந்துட்டேன்" என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். இதற்கு வங்கிக்குப் போயிருந்தால் ஒன்றும் நடந்திராது. அட்டையையும் இலக்கத்தையும் நாமே கொடுத்துவிட்டு, நான் எடுக்கவில்லை என்றால் வங்கி பொறுப்பேற்காது.

குறியீட்டைப் பிரித்தறிவதால் கிடைப்பது இதுதான். கைக்காசு எடுத்ததென்றால் இயந்திரத்தின் பதிவும் கெமராவும் சாட்சி. கடை மெசின் என்றால் கடையும் அதன் துண்டும் சாட்சி. வேறு கணக்குக்குப் போன காசென்றால் அந்தக் கணக்கின் சொந்தக்காரர் யார் என்பது வங்கிக்குத் தெரியும். எது என்று தெரியாமல் "காசு கொறயுது" என்று மட்டும் போய் நின்றால், ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அலைய விடுவார்கள்.

அட்டையைக் கடையில் வைக்காதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். மாசக் கடைசியில் அரிசிக்குக் கடன் தருவது அந்தக் கடைதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நான் கேட்பது இரண்டு விசயம். அட்டை யார் கையில் இருந்தாலும் கணக்குக் கூற்று உங்கள் கையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைச் சம்பளச் சீட்டுக்கும் கடன் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றது வங்கிகளிடம் சங்கம் கேட்க வேண்டியது. குறியீடுகள் வங்கிக்கு வங்கி மாறுகின்றன, எல்லாமே ஆங்கிலச் சுருக்கம். எங்கள் சம்பளக் கணக்குகளை வைத்திருக்கும் ஒவ்வொரு கிளையும் தன் குறியீடுகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதி ஜன்னலில் ஒட்ட வேண்டும். அடுத்த தலைவர்மார் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். அதுவரைக்கும், கூற்றைக் கையில் வாங்கியும் விளங்காதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.