தொடர்மாடிக்கு எந்தப் பியானோ?

"டிஜிட்டலில் பழகினால் விரல் வராது, பழைய கம்பிப் பியானோ ஒன்றை வாங்குங்கள்" என்று கொழும்புத் தொடர்மாடிகளில் இருக்கும் பெற்றோருக்குப் புத்தி சொல்பவர்களோடு நாம் உடன்பட மாட்டோம். அதன் சத்தத்தைக் குறைப்பது எளிதல்ல. சிலவற்றில் நடு மிதியை அழுத்தினால் கம்பிகளுக்கு முன்னால் கம்பளித் துணி இறங்கும். சத்தம் அடங்கும், ஆனால் தொடுகையும் மாறிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் பலகை ஊதி சுருதியும் விலகும். பக்கத்து வீட்டுக்குப் பயந்து தினம் அரை மணித்தியாலம் மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு விரல் எப்படி வரும்?

அதற்காக 61 கட்டைக் கீபோர்டை வாங்கி ஏமாறவும் வேண்டாம். 88 கட்டைகள் இருக்க வேண்டும், கட்டைகளுக்குப் பாரம் இருக்க வேண்டும். கடையிலேயே அழுத்திப் பாருங்கள்: மெல்லத் தொட்டால் மெல்லிய சத்தமும், ஓங்கி அடித்தால் பெரிய சத்தமும் வர வேண்டும்.

இன்னொன்று. ஹெட்போன் போட்டாலும் கட்டைகள் இடிக்கும் "தட் தட்" நிலத்தினூடாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த இறப்பர் விரிப்புப் போடுங்கள்.

கம்பியின் அதிர்வை டிஜிட்டல் முழுதாகத் தராது, ஒப்புக்கொள்கிறோம். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் ஆசிரியர் வீட்டுக் கம்பிப் பியானோவில் பிள்ளை பழகட்டும். மற்ற நாளெல்லாம் இரவு ஒன்பது மணிக்கும் வாசிக்கக்கூடியதே நல்ல பியானோ.