மிச்சம் வைத்த பாட்டிலும் மேடைப் பேச்சும்

தேரடி வீதியில் மது ஒழிப்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிடுகிறார்: “மூடியைத் திறந்த பாட்டிலை ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், மறுநாள் அது சரக்கு இல்லை, விஷம்!” கைதட்டல் பலமாக விழும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் குடிகாரர்களும் சேர்ந்து தலையாட்டுவார்கள். “அதுக்குத்தாண்ணே, ஓபன் பண்ணா நாங்க மிச்சமே வைக்கிறதில்ல” என்று ஒரு தம்பி எனக்கு விளக்கமே கொடுத்தான். மது ஒழிப்புக்காரரும் மதுப் பிரியரும் திருவண்ணாமலையில் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். அந்த ஒன்றும் தப்பு. வருஷக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டதால் இதை எழுதுகிறேன். நான் குடிப்பவனா என்ற கேள்வி இதில் வராது. கணக்கு யார் போட்டாலும் ஒரே விடைதான்.

முதலில் விஷம். திறந்த பாட்டிலில் காற்று பட்டு மெத்தனால் உண்டாகிறதாம். பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவுகளைச் சொல்லித்தான் இந்தக் கதைக்கு வலு ஏற்றுகிறார்கள். அங்கே நடந்தது என்ன? சாராயத்தில் மெத்தனாலைக் கலந்து விற்றார்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சாமான் மனிதன் வயிற்றுக்குப் போனது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது; கண் நரம்பைத்தான் அது முதலில் தேடிப்போகும். இதில் யாரும் பிராந்தியைத் திறந்து வைத்து மறந்துபோகவில்லை.

நாம் குடிக்கும் சரக்கில் இருப்பது எத்தனால். அதன் மூலக்கூறில் கார்பன் இரண்டு, மெத்தனாலில் ஒன்று. எத்தனாலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் அசிடால்டிஹைடு வரும், அதற்கு மேலும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் வரும், அதாவது வினிகர். மெத்தனால் அந்த வழியிலேயே இல்லை. அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்குள் காற்று நுழைந்து ஒரு கார்பனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகாது. திறந்த பாட்டிலில் நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: நாம் பார்க்காதபோது அதில் யார் எதை ஊற்றினார்கள் என்பது. வளையம் உடைந்த மூடியோடு வெளியாள் நீட்டும் பாட்டிலை வாங்காமல் இருக்க அந்த ஒரு காரணம் போதும்.

விஷம் என்றுதான் பேச வேண்டுமானால், இந்த உபதேசம் செய்யும் வேலையைப் பார்ப்போம். தீபத்துக்குக் கோயிலைச் சுற்றியும் கிரிவலப் பாதையிலும் டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவு வரும். முதல் நாளே ஒரு ஃபுல் வாங்கி வைப்பார்கள். 750 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் 321 மில்லி, எடையில் ஏறத்தாழ 250 கிராம். திறந்ததை அன்றே முடித்தாக வேண்டும் என்று நம்புகிற ஒருவன் தனியாக உட்கார்ந்து அதை முடித்தால், மறுநாள் காலை எழுந்திருப்பதே சந்தேகம். பத்துப் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மேடையில் கொடுக்கும் ஆலோசனை இது.

அடுத்தது, புளித்துவிடும் என்ற வாதம். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்: கள்ளிலிருந்து. 1987-இல் கள்ளுக்கடைகள் மூடப்படுவதற்கு முன் குடித்த பெரியவர்களுக்கு மதுவைப் பற்றித் தெரிந்த முதல் பாடமே அதுதான். பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கி, காலையில் இனித்து, மாலையில் கடுத்து, மறுநாள் வினிகர் பக்கம் போய்விடும் சரக்கு அது. அதற்கு ‘இன்றைக்கே முடி’ என்பது சரியான விதி. அந்த விதியைத் தூக்கி ரம் பாட்டில் தலையில் வைத்ததுதான் கோளாறு.

ஆல்கஹாலை வினிகராக்குவது காற்று மட்டும் அல்ல, காற்றில் வாழும் அசிட்டிக் பாக்டீரியா. கள்ளின் நாலைந்து சதவீதம் அதற்குக் கல்யாண விருந்து. ஒயினின் 12, 13 சதவீதத்திலும் சமாளித்துக்கொள்ளும். 15-ஐத் தாண்டினால் திணறும். 42.8-இல் அதற்கு வேலையே இல்லை; உப்பு அதிகம் போட்ட ஊறுகாயில் பூஞ்சை நிற்க முடியாத மாதிரி. அதனால்தான் ஒயினைத் திறந்தால் தக்கையைத் திருப்பிப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று முதல் ஐந்து நாள் கணக்கு. நம்மூர் மே மாத வெக்கையில் மேசைமேல் விட்டால் அதுவும் இல்லை. முதலில் பழவாசம் போகும், பிறகு வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாசம், கடைசியில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வரும். அந்த நெடி வந்த பிறகு அது சமையலுக்கும் ஆகாது.

பீர் கதை வேறு. 650 மில்லி பாட்டிலைத் திறந்த நொடியிலிருந்தே கரியமில வாயு கிளம்பிவிடும். மறுநாள் மிஞ்சுவது ஊறின அட்டைப்பெட்டி வாசமடிக்கும் கசப்புத் தண்ணீர். வெயிலில் வைத்த பச்சை பாட்டிலானால் திறக்காமலே கெட்ட வாடை வரும், ஹாப்ஸில் உள்ள பொருள் வெளிச்சத்தில் உடைவதால். அப்போதும் அது விஷம் அல்ல, குடிக்க முடியாதது, அவ்வளவுதான். பீர் பாட்டிலின் லேபிளில் எத்தனை மாதத்துக்குள் குடிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பிராந்தி லேபிளில் தயாரித்த மாதமும் தொகுதி எண்ணும்தான். பத்து சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குக் காலாவதித் தேதி வேண்டாம் என்று சர்வதேச உணவுத் தரக் குறியீடான கோடெக்ஸே விட்டுவிட்டது. மேடைப் பேச்சாளருக்கு மட்டும் தேதி தெரிந்திருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த வாதம்: “கிக் போயிடும்.” இதைச் சொல்பவர்களிடம் எவ்வளவு போகும் என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார்கள். நாமே அளந்துவிடலாம்.

ஒரு ஃபுல்லில் கடைசிக் குவாட்டர் மிச்சம் என்று வையுங்கள். 180 மில்லி சரக்கு, அதற்கு மேலே 570 மில்லி காற்று. சரக்கில் உள்ள ஆல்கஹால் 77 மில்லி. மூடி போட்டிருக்கும்போது அந்தக் காற்றில் ஆல்கஹால் ஆவி ஏறும், ஓரளவுக்கு ஏறி நின்றுவிடும். 30 டிகிரி வெப்பத்தில் காலியிடத்தில் சுமார் 4 சதவீதம், அதாவது 24 மில்லி ஆவி. பெரிய தொகை மாதிரி தெரியும். அந்த ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கினால் 0.06 மில்லி. சொட்டு மருந்துக் குழாயில் பார்த்தால் ஒரே ஒரு சொட்டு.

இப்போது மூடியைத் திறங்கள். உள்ளே இருந்த ஆவி முழுவதும் பறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், நிஜத்தில் அவ்வளவு போகாது. நஷ்டம் ஒரு சொட்டு. மூடுங்கள்; இன்னொரு சொட்டு ஆவியாகி அந்த இடத்தை நிரப்பி மறுபடியும் நின்றுவிடும். மே மாதம் அறை 40 டிகிரிக்குப் போனால் ஒன்றரைச் சொட்டு, மிஞ்சினால் இரண்டு. அதே குவாட்டரை ஊற்றாமல் நூறு தடவை திறந்து திறந்து மூடினாலும் 6 மில்லி ஆல்கஹால்தான் போயிருக்கும், கூடவே கொஞ்சம் தண்ணீரும் போயிருக்கும். 42.8 என்பது 41-ஐ ஒட்டி வந்து நிற்கும். கடைசிக் குவாட்டரை ஊற்றாமல் நூறு தடவை திறந்து மூடும் பொறுமை உள்ளவரை நான் இதுவரை எந்தக் கடை பாரிலும் பார்த்ததில்லை.

ஆக, நஷ்டம் திறப்பதில் இல்லை, சரியாக மூடாததில் இருக்கிறது. அலுமினிய மூடியின் உட்புறத்தில் வட்டமாக ஒரு மெல்லிய அட்டை ஒட்டியிருக்கும். அடைப்பது அதுதான், தகரம் அல்ல. அது கிழிந்தோ கழன்றோ போயிருந்தாலும், புரி மாறிக் கோணலாக ஏறியிருந்தாலும், ஆவி நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: லேபிளின் ஓரத்தில் சரக்கு நிற்கும் மட்டத்துக்குப் பேனாவால் ஒரு கோடு. மாதம் கழித்து மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி ஓட்டை, அல்லது வீட்டில் யாரோ உதவி செய்கிறார்கள். டம்ளரில் ஊற்றித் திறந்து வைத்த சரக்கு காலையில் சப்பென்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் குறை சொல்கிறார்கள். டம்ளருக்கு மூடி கிடையாது.

பழசாகப் பழசாக நல்லது என்ற எதிர்க்கட்சிக்கு ஒரு வரி போதும்: முதிர்ச்சி மரப்பீப்பாயில் நடக்கிறது, கண்ணாடிக்குள் ஒன்றும் முதிர்வதில்லை, ஏழு வருஷ ரம் பரணில் முப்பது வருஷம் கிடந்தாலும் ஏழு வருஷ ரம்தான்.

பாட்டிலுக்குள் மாறுவது வாசம். லேசான பழ வாசம் தருபவை முதலில் பறக்கும். மிச்சமுள்ளவை ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மழுங்கும். பாட்டில் காலியாக ஆக, காற்று கூடக் கூட, இது வேகமெடுக்கும். புகையூட்டிய மால்ட் விஸ்கியில் ஒரு வருஷத்துக்குள்ளேயே புகை இளைப்பது மூக்குள்ளவருக்குத் தெரியும். ஜன்னல் வெயிலில் வைத்தால் நிறமும் வெளுக்கும். அரைப் பாட்டிலைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிக் காற்றைக் குறைப்பது இதற்குத்தான். கண்ணாடி பாட்டிலுக்குத்தான் மாற்ற வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் ஜின்னைத் தண்ணீர் என்று பிள்ளை எடுத்துக் குடிக்கும். நம் கடைகளின் மலிவு வகைகளோ பெரும்பாலும் கரும்புக் கழிவுப் பாகிலிருந்து வடித்த வாசமற்ற ஸ்பிரிட்டும் கேரமலும் எசென்ஸும். அதில் இளைக்க என்ன இருக்கிறது?

வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவரும் பாட்டில்களில் மட்டும் இரண்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வெர்மூத் என்பது மூலிகை போட்ட ஒயின். திறந்தால் ஃபிரிட்ஜில், ஒன்றிரண்டு மாதக் கணக்கில் தீர்க்க வேண்டியது. பாலாடை கலந்த கிரீம் லிக்கர் 17 சதவீதம்தான். லேபிளிலேயே தேதி இருக்கும். ஊற்றும்போது கட்டி கட்டியாக விழுந்தாலோ, புளித்த பால் வாடை அடித்தாலோ சாக்கடையில் கொட்டிவிட வேண்டியதுதான்.